மார்க்கெட்டிங் பிளான் கைக்கு வந்துருச்சா? அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

காங்கயம் பக்கம் சொந்தக்கார மாமா ஒருத்தர் மரச்செக்கு எண்ணெய் மில் வெச்சிருக்காருங்க. கடலெண்ணெய் தான் மெயின், கொஞ்சம் நல்லெண்ணெய். ஆன்லைன்ல விக்கலாம்னு ஒரு ஏஜென்சிகிட்ட பேசுனாரு, அவங்க முப்பது பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பிட்டாங்க, பாக்கறதுக்கு அம்சமா இருந்துச்சு, "மாப்ள, இது சரியான்னு பாத்துச் சொல்லு"ன்னு எனக்குத் தள்ளி விட்டுட்டாரு. நான் திருப்பூர்ல கணக்கு பாக்கற ஆளு, மார்க்கெட்டிங் படிச்சதில்ல. எதைப் பாக்கறது எதை விடறதுன்னு தெரியாம ரொம்ப அலைஞ்சு, அப்புறமேட்டுத் தான் இதுல பாக்க வேண்டியது மூணே மூணு விஷயம்னு பிடிபட்டுச்சு. யாருக்கு விக்கறோம், காசு எங்கெங்க போகுது, ஜெயிச்சோமான்னு எப்படி அளக்கறது. அந்த பிளான்ல மூணுமே ஓட்டை. மத்தபடி கலர், லோகோ, கன்டென்ட் காலண்டர் எல்லாம் பிரமாதம்.

உங்க கையிலயும் அப்படி ஒண்ணு இருந்தா கீழ இருக்கற வரிசையிலயே பாருங்க. கணக்குக்கு மாமா மில்லையே வெச்சுக்கறேன், ரூபாய் எல்லாம் கொஞ்சம் ரவுண்ட் பண்ணியிருக்கேன்.

1. பிடிஎஃப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி இந்தப் பேப்பரை எடுத்து வைங்க

பிளானை முதல்ல படிச்சீங்கன்னா அவங்க சொல்ற கணக்குலயே மண்டை போயிரும். அதனால நம்ம கணக்கு முதல்ல.

கடைசி ஆறு மாசத்து பில். அதுல பேரு, ஊரு, என்ன வாங்குனாங்க, எத்தனாவது தடவை வாங்கறாங்க, இது இருந்தாப் போதும். பில் புக்குல இல்லைன்னா கூரியர் ரசீதையும் வாட்ஸப்பையும் வெச்சு ஒப்பேத்தலாம், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிரும்.

அப்புறம் ஒரு கேனுக்கு கையில என்ன நிக்குதுன்னு ஒரு சீட்டு. மாமாவுக்கு 5 லிட்டர் கேன் விலை 1,750. பருப்பு, ஆட்டற கூலி எல்லாம் போட்டு, புண்ணாக்கு வித்த காசைக் கழிச்சா 1,100. கேனும் அட்டைப்பெட்டியும் 70. தமிழ்நாட்டுக்குள்ள கூரியர் 180. மீதி 400 ரூபா. இந்த 400 தெரியாம மார்க்கெட்டிங் பிளானை யாராலயும் சரிபாக்க முடியாது, எழுதுனவங்களாலயும் முடியாது. மாமாகிட்ட ஏஜென்சி இதைக் கேக்கவே இல்லைங்கறது தான் எனக்கு முதல் சந்தேகம்.

மூணாவது, ஜிஎஸ்டி சர்ட்டிஃபிகேட். எதுக்குன்னு அடுத்ததுலயே வருது.

2. "18 முதல் 65 வரை, ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள்", இதை அடிச்சிருங்க

பிளான்ல ஆடியன்ஸ் பக்கத்துல இருந்த வரி இது தான். இடம்னு பாத்தா தமிழ்நாடு, பெங்களூரு. இதுல யாரு இல்ல சொல்லுங்க? யாரையும் வெளிய விடாத வரின்னா அது ஆடியன்ஸே இல்ல. அதைப் படிச்சுட்டு ஒரு விளம்பரத்துல என்ன பேசணும், எந்த ஊர்ல காட்டணும்னு ஒரு முடிவு கூட எடுக்க முடியாது.

இதுக்கு ஆறு மாச பில்லை எடுத்து ஊர் வாரியா பிரிச்சோம். ரெண்டு விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

ஒண்ணு, காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் கூரியர் ஆர்டரே இல்ல. யோசிச்சா புரியுது, இங்க சனங்க கடலைக்காயோ கொப்பரையோ மூட்டையா கொண்டாந்து செக்குல குடுத்து ஆட்டிக்கறாங்க, இல்லைன்னா தெரிஞ்ச மில்லுல தூக்குப்போசியில வாங்கிட்டுப் போறாங்க. அவங்களுக்கு இன்ஸ்டாகிராம்ல மரச்செக்குப் பெருமை பேசறது கொல்லத் தெருவுல ஊசி விக்கற கதை தான். ஆனா பிளான்படி விளம்பரம் அவங்களுக்கும் போகும், காசும் போகும்.

ரெண்டு, ஆர்டர் குவிஞ்ச இடம் கோயமுத்தூர்ல சரவணம்பட்டி, பீளமேடு அபார்ட்மெண்ட், சென்னையில ஓஎம்ஆர் பக்கம். அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசுனா பாதிப் பேரு நம்ம ஊருப் புள்ளைங்க. கல்யாணமாகிப் போனவங்க, ஐடி வேலைக்குப் போனவங்க. ஒரு அக்கா சொன்னாங்க, "அம்மா இருந்தவரைக்கும் பஸ்ல எண்ணெய் போட்டு உடுவாங்க தம்பி, இப்ப யாரு இருக்கா"ன்னு. இப்ப பாருங்க, ஆளு யாருன்னு தெரிஞ்சுருச்சு. ஊர் எண்ணெயோட ருசி தெரிஞ்ச, ஊருக்கு அடிக்கடி வர முடியாத, சொந்தமா சமைக்கற 28லிருந்து 45 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்க. இவங்களுக்கு கடலெண்ணெய் ஏன் நல்லதுன்னு பாடம் எடுக்கத் தேவையில்ல, கலப்படம் இல்லாம வீட்டுக்கு வந்து சேரும்னு நம்பிக்கை வந்தாப் போதும். விளம்பரத்துல என்ன காட்டணுங்கறதும் அதுலயே முடிவாயிருச்சு, செக்கு ஓடறதும் பருப்பு காயறதும்.

நீங்களும் ஒரு இருபது பேருக்குக் கூப்பிடுங்க. "எங்க எண்ணெய் எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லாருக்குன்னு தான் சொல்லுவாங்க. "இதுக்கு முன்னாடி என்ன எண்ணெய் வாங்குனீங்க, ஏன் மாத்துனீங்க, எங்களை எப்படித் தெரியும்", இந்த மூணைக் கேளுங்க.

இதுல ஒரு பொறி இருக்கு, நிறையப் பேரு விழறாங்க. மாமா மில் ஜிஎஸ்டியில காம்போசிஷன் ஸ்கீம், அதாவது சின்ன வியாபாரிங்க விற்பனையில ஒரு சின்ன சதவீதத்தை வரியாக் கட்டிட்டுப் போற முறை. அந்த ஸ்கீம்ல இருக்கறவங்க வெளி மாநிலத்துக்கு சரக்கு விக்கக் கூடாது. அப்ப பெங்களூரு ஆடியன்ஸ்ல விளம்பரம் போட்டு ஆர்டர் வந்தா என்ன பண்றது? திருப்பி அனுப்பணும். பிளான் போட்டவங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்ல, நீங்க தான் பாக்கணும். வெளி மாநிலம் வேணும்னா முதல்ல ரெகுலருக்கு மாறணும், அதை ஆடிட்டர்கிட்ட பேசிட்டு அப்புறம் விளம்பரத்தைப் பேசுங்க.

3. மொத்தத் தொகையை ஒத்துக்காதீங்க, பிரிச்சு வாங்குங்க

மாமா பிளான்ல பட்ஜெட்னு இருந்தது ஒரே வரி. "3 மாதங்களுக்கு ரூ.3,00,000." அவ்வளவு தான். விளம்பரத்துக்கு எவ்வளவு, அவங்க ஃபீஸ் எவ்வளவு, வீடியோவுக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி உள்ளயா வெளியவா, ஒண்ணும் இல்ல. கேட்டா "அது டைனமிக்கா பண்ணிக்கலாங்க சார்"ங்கறாங்க. அவங்க பணத்துல டைனமிக்கா பண்ணிக்கட்டும்.

ஒரு மெயில் போட்டு பிரிச்சுக் கேட்டோம், வந்த பதில் இது. ஃபீஸ் மாசம் 35,000, மூணு மாசத்துக்கு 1,05,000. ஷூட்டிங் 40,000. ரெண்டும் சேந்து 1,45,000, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,71,100. மீதி 1,28,900 தான் விளம்பரத்துக்கு. அதுலயும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தற மெட்டாவுக்குக் கட்டற காசுல 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு, அதைக் கழிச்சா நிஜமா விளம்பரமா ஓடறது சுமார் 1,09,000. மூணு லட்சத்துல ஒரு லட்சத்துச் சொச்சம். (ரெகுலர் ஜிஎஸ்டியில இருக்கறவங்க இந்த வரியை இன்புட்டா எடுத்து, கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம், விளம்பர அக்கவுண்ட்ல உங்க ஜிஎஸ்டி நம்பர் ஏத்தியிருக்கணும். காம்போசிஷன்ல எடுக்க முடியாது, அது முழுக்கச் செலவு.)

சரி, இது லாபமா நட்டமா? அதுக்கு ஏஜென்சிகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. "இதே மாதிரி பொருளுக்கு நீங்க பண்ணதுல ஒரு புது கஸ்டமரைப் பிடிக்க விளம்பரச் செலவு எவ்வளவு ஆச்சு?" எங்களுக்கு 500 ரூபான்னு சொன்னாங்க. நம்பறமோ இல்லியோ, அவங்க வாயால வந்த எண்ணை வெச்சே போடுவோம். 1,09,000ஐ 500ஆல வகுத்தா 218 பேர். மொத்தச் செலவு மூணு லட்சத்தை 218ஆல வகுத்தா ஆளுக்கு 1,376 ரூபா. அவங்க சொன்ன 500 வேற, உங்க பாக்கெட்ல இருந்து போற 1,376 வேற. பட்ஜெட்டைப் பிரிக்காத வரைக்கும் இந்த வித்தியாசம் வெளிய தெரியவே தெரியாது.

இப்ப அந்தப் பக்கம் பாப்போம். கேனுக்கு 400 நிக்குது. பில்லைப் பாத்தா, ஒரு தடவை வாங்குனவங்கள்ல மூணு பேருக்கு ரெண்டு பேரு திரும்ப வாங்கறாங்க, நாலு பேரு இருக்கற வீட்டுல ஒரு கேன் சுமாரா 45 நாள் வருது. அப்ப 100 பேரு புதுசா வந்தா, அடுத்த தடவை 67, அதுக்கு அடுத்து 44, அப்புறம் 30, 20ன்னு குறைஞ்சுட்டே போயி ஒரு வருஷத்துல மொத்தம் கிட்டத்தட்ட 290 கேன். அதாவது ஆளுக்கு ஒரு வருஷத்துல 1,160 ரூபா தான் நமக்கு மிச்சம். 1,376 செலவு பண்ணி 1,160 எடுக்கறோம். அந்த முப்பது பக்க பிளான் சொன்னபடி நடந்தாலே நட்டம், சொதப்பணும்னு கூட இல்ல.

இதுக்காக ஏஜென்சியே வேண்டாம்னு ஓடவும் தேவையில்ல. ஃபீஸை மாசம் 20,000க்குப் பேசுனோம், ஷூட்டிங்கை மாமா பையனே போன்ல எடுத்தான், எடிட்டிங்குக்கு மட்டும் 10,000. இப்ப அந்தப் பக்கம் 70,000, ஜிஎஸ்டியோட 82,600. மீதியில ஜிஎஸ்டி போக விளம்பரத்துக்கு 1,84,000. அதே 500 கணக்குல 368 பேர், ஆளுக்கு 815. இதுல ஆளுக்கு 345 நிக்குது. பெரிய லாபமில்ல, ஆனா பக்கம் திரும்பிருச்சு. விளம்பரக் காசு ஃபீஸும் ஷூட்டிங்கும் சேந்ததை விடக் கம்மியா இருக்கற பிளானை நான் இப்பல்லாம் ரெண்டாவது பக்கத்துலயே மூடிடறேன்.

இன்னொண்ணு கவனிங்க, காசைப் பிரிக்கச் சொன்னதும் சில பேரு அளவுக்கு மீறிப் பிரிச்சுருவாங்க. அஞ்சு விதமான ஆடியன்ஸ், அதுக்குத் தனித்தனி பட்ஜெட்டோட அஞ்சு விளம்பரக் கட்டு, அதாவது ஆட் செட், ஒவ்வொண்ணுக்கும் தினம் 200 ரூபான்னு. மெட்டா சொல்ற கணக்குப்படி ஒரு ஆட் செட்டுக்கு வாரம் சுமார் 50 ரிசல்ட் வந்தாத் தான் யாருக்குக் காட்டறதுன்னு மெஷின் கத்துக்கற Learning நிலையில இருந்து அது வெளிய வந்து ஒழுங்கா ஓடும். ஆர்டரையே ரிசல்ட்டா வெச்சா, 500 ரூபா ஆர்டருக்கு வாரம் 25,000 வேணும். நம்மகிட்ட வாரத்துக்கு 14,000 தான். அதனால ஆட் செட் ஒண்ணோ ரெண்டோ போதும், ரிசல்ட்டா வாட்ஸப்ல வந்து பேசறதை வைக்கச் சொல்லுங்க, அது ஆர்டரை விட மலிவா, எண்ணிக்கையில அதிகமா வரும். ஆனா அது மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு மட்டும், நம்ம ஜெயிச்சோமாங்கறதுக்கு அது அளவு இல்ல. அது தான் அடுத்தது.

4. ஃபாலோயர் ஏறுனா எண்ணெய் விக்குமா?

பிளானோட முதல் பக்கத்துல குறிக்கோள்: "நேரடி விற்பனையை மாதம் 300 கேனாக உயர்த்துவது." கடைசிக்கு முந்தின பக்கத்துல வெற்றி அளவுகள்: 10,000 ஃபாலோயர், 5 லட்சம் ரீச், 4 சதவீதம் என்கேஜ்மென்ட். முதல் பக்கத்துக்கும் இதுக்கும் நடுவுல இருக்கற இருபத்திச் சொச்சம் பக்கத்துல கேன்ங்கற வார்த்தையைக் காணோம்.

இதைப் பிடிக்க சுலபமான வழி, ஒவ்வொரு அளவையும் எடுத்து, "இது ஏறி, கேன் ஏறாம இருக்க முடியுமா?"ன்னு கேளுங்க. ஃபாலோயர்? ஒரு கிஃப்ட் போட்டி வெச்சா ஒரே வாரத்துல ஏறும், ஒரு கேன் போகாது. எத்தனை பேரு கண்ணுல பட்டுச்சுங்கற ரீச்? காசு போட்டா ஏறும். முடியும்னு பதில் வந்தா அதை ஜெயிச்ச கணக்குல சேக்காதீங்க. வேடிக்கை பாக்கறதுக்கு ரிப்போர்ட்டுல ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.

சும்மா ரிப்போர்ட் தானே, அளவு தப்பா இருந்தா என்னன்னு விட்டுறாதீங்க. அளவு எதுவோ அதுக்குத் தகுந்த மாதிரி தான் விளம்பரத்தையே ஓட்டுவாங்க. லைக், கமெண்ட் மாதிரி என்கேஜ்மென்ட் காட்டணும்னா Engagement ஆப்ஜெக்டிவ்ல போஸ்ட்டை பூஸ்ட் பண்ணுவாங்க, அப்ப மெட்டா என்ன பண்ணும், லைக் போடற பழக்கம் உள்ள ஆளுங்களாத் தேடிப் பிடிச்சுக் காட்டும். லைக் போடறவங்களும் ஆன்லைன்ல காசு கட்டறவங்களும் வேற வேற கூட்டம். மாசக் கடைசியில ரிப்போர்ட் பச்சைப் பசேல்னு இருக்கும், குடோன்ல கேன் அப்படியே இருக்கும், ரெண்டுமே பொய் சொல்லல.

நாங்க மாத்தி எழுதுன அளவு மூணு. ஒரு புது கஸ்டமருக்கு ஆன மொத்தச் செலவு, ஃபீஸ் ஜிஎஸ்டி எல்லாம் சேத்து, 815க்கு மேல போகக் கூடாது, 1,160ஐத் தொட்டா நிறுத்தணும். 60 நாளுக்குள்ள திரும்ப வாங்கறவங்க, மூணுக்கு ரெண்டுக்குக் கீழ வந்தா விளம்பரம் தப்பான ஆளைக் கூட்டிட்டு வருதுன்னு அர்த்தம், தள்ளுபடி போட்டா இது தான் முதல்ல விழும். அப்புறம் மாசம் எத்தனை கேன். கேனை எண்ணும்போது டெலிவரி ஆனதை மட்டும் எண்ணுங்க, கேஷ் ஆன் டெலிவரி குடுக்கறீங்கன்னா திரும்பி வர்றதுக்கும் ரெண்டு பக்க கூரியர் காசு உங்க தலையில தான்.

குறிக்கோளையும் அப்படியே நம்பாதீங்க, போட்டுப் பாருங்க. இப்ப மாசம் போற கேன் 60. மாத்துன பட்ஜெட்ல மாசம் சுமார் 123 பேரு புதுசா வருவாங்க. 45 நாளைக்கு ஒரு கேன்ங்கறதால மூணாவது மாசத்துல திரும்ப வாங்க வேண்டிய முறை வர்றது ஒரு மாசத்து ஆளுங்களுக்குத் தான், அதுல மூணுக்கு ரெண்டுன்னா 82. கூட்டுனா 265. 300 இல்ல. அதனால குறிக்கோளை 260ன்னு குறைச்சு எழுதுனோம். பழைய பட்ஜெட்ல இதே கணக்கு 180 சொச்சம் தான் வந்துச்சு, 300ஐ எங்க இருந்து எடுத்தாங்கன்னு இன்னும் எனக்குப் புரியல.

எந்த ஆர்டர் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியறதுக்கு பெரிய சாஃப்ட்வேர் வேண்டாங்க. விளம்பரத்துக்குன்னு தனி வாட்ஸப் நம்பர், ஆர்டர் எடுக்கறப்ப "எங்க பாத்தீங்க"ன்னு ஒரு கேள்வி, ஒரு எக்செல் ஷீட். அந்த ஷீட் மில்லுல இருக்கணும், ஏஜென்சிகிட்ட இல்ல. விளம்பரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்த அந்த 60 கேனை முதல் வரியிலயே எழுதி வெச்சுருங்க, இல்லைன்னா அதையும் சேத்து அவங்க கணக்குல காட்டிருவாங்க.

5. பதில் மெயில்ல என்ன கேக்கணும், எத்தனை நாள் ஆகும்

போன்ல பேசாதீங்க, பேசுனா "பண்ணிரலாங்க"ன்னு தான் பதில் வரும். எழுத்துல, இதை மட்டும் கேளுங்க:

- ஆடியன்ஸை அஞ்சு வரியில, யாரு, எந்த ஊரு, இப்ப என்ன வாங்கறாங்க, ஏன் மாறுவாங்க, யாருக்குக் காட்ட மாட்டோம்.
- பட்ஜெட்டை மாச வாரியா, ஃபீஸ், வீடியோ, விளம்பரம், ஜிஎஸ்டி தனித்தனியா.
- குறிக்கோளுக்கு நேரா அளவு, இப்ப இருக்கற எண், மூணாவது மாசம் வர வேண்டிய எண், எந்த எண்ணுல நிறுத்துவோம்.

ஒழுங்கான ஏஜென்சின்னா ஒரு வாரத்துல ரெண்டு பக்கத்துல திருப்பி அனுப்பிருவாங்க. பேச்சு வார்த்தைக்கு இன்னொரு வாரம். நம்ம பக்கம் பில் பிரிக்கறது, போன் போடறதுக்கு ஒரு வாரம். ஆக மூணு வாரம்னு வெச்சுக்கங்க. தீபாவளியைக் குறி வெச்சு விக்கறீங்கன்னா பிளான் ஆடியிலயே கைக்கு வந்துரணும், ஏன்னா பண்டிகைக்கு முந்தின வாரங்கள்ல பெரிய கம்பெனி எல்லாம் காசைக் கொட்டறதால விளம்பர ரேட் ஏறிக்கும், அந்த நேரத்துல போயி சோதனை பண்ணக் கூடாது. ஆவணியில சின்னதா ஓட்டிப் பாத்துட்டு, எது வேலை செய்யுதோ அதுக்கு மட்டும் புரட்டாசி ஐப்பசியில காசு.

6. அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போடறப்ப

விளம்பர அக்கவுண்ட், பேஜ் ரெண்டும் உங்க பேர்ல, உங்க மெயில்ல ஆரம்பிச்சு, ஏஜென்சியை பார்ட்னரா மட்டும் சேருங்க. காசு உங்க கார்டுல இருந்து நேரா மெட்டாவுக்குப் போகட்டும், அப்பத் தான் எவ்வளவு ஓடுச்சுன்னு நீங்களே பாக்கலாம், பில்லும் உங்க பேர்ல வரும். அவங்க அக்கவுண்ட்ல ஓட்டுனா நாளைக்குப் பிரியறப்ப இத்தனை மாசம் சேந்த டேட்டா முழுக்க அவங்களோட போயிரும்.

மூணு மாச ஃபீஸை மொத்தமாக் கேப்பாங்க. மாசா மாசம் குடுங்க, 30 நாள் நோட்டீஸ்ல யாரு வேணாலும் விலகலாம்னு ஒரு வரி போடுங்க, மாத்தி எழுதுன அந்த ரெண்டு பக்கத்தை அக்ரிமெண்ட்டோட பின் பண்ணி அதுலயும் கையெழுத்து வாங்குங்க. மாமாவுக்கு இந்தக் கடைசி விஷயத்துல தான் ஏஜென்சி ரொம்ப இழுத்தாங்க, "ரிசல்ட்டுக்கு நாங்க கேரண்டி குடுக்க முடியாதுங்க"ன்னு. நியாயம் தான், கேரண்டி யாரும் கேக்கல. "இந்த எண்களை வெச்சுத் தான் மாசா மாசம் பேசுவோம்"னு மட்டும் எழுதச் சொன்னோம், போட்டுட்டாங்க.